பாதியில் நிபந்தனையை மாற்றிய பிராண்ட்: எப்படி முடித்துக்கொள்வது?

கேள்வி: வணக்கம் மேடம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். மலைச் சமையல், தேயிலைத் தோட்ட வாழ்க்கை பற்றி ரீல்ஸ் போட்டு வருகிறேன். பெங்களூரைச் சேர்ந்த ஒரு தேயிலை பிராண்ட் செப்டம்பர் தொடக்கத்தில் மின்னஞ்சல் அனுப்பியது. ஐந்து ரீல்ஸ், ஒன்றுக்கு ரூ.15,000, மொத்தம் ரூ.75,000. முன்பணம் ரூ.25,000. மீதி, கடைசி ரீல் வெளியான 15 நாளில். ஒரு ரீலுக்கு ஒரு முறை மட்டும் திருத்தம். ரீல்ஸ் என் பக்கத்தில் ஆறு மாதம் இருக்க வேண்டும். அவர்கள் தங்கள் பக்கத்தில் மூன்று மாதம் மறுபதிவு செய்துகொள்ளலாம். ‘சம்மதம்’ என்று பதில் அனுப்பினேன். முன்பணமும் வந்தது.

இரண்டு ரீல்ஸ் அவர்கள் ஒப்புதலோடு வெளியாகிவிட்டன. மூன்றாவதை எடுத்து அனுப்பிய பிறகு, வேறொருவர் பொறுப்புக்கு வந்து வாட்ஸ்அப்பில் புதிய பட்டியல் அனுப்பினார். ‘இந்தத் தேநீர் சர்க்கரை நோயைக் குறைக்கும்’ என்று சொல்லி மூன்றாவதை மறுபடி எடுக்க வேண்டும். ‘பெய்டு பார்ட்னர்ஷிப்’ அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். எல்லா வீடியோவையும் ஒரு வருடம் விளம்பரமாக ஓட்டுவார்கள். ஒரு வருடம் வேறு தேயிலை பிராண்டுக்கு நான் வேலை செய்யக் கூடாது. மீதிப் பணம் 90 நாள் கழித்து. பயத்தில் ‘சரி, பார்க்கலாம்’ என்று பதில் போட்டேன். அவர்கள் கேட்டதற்காக ஒரு ஸ்டோரியும் இலவசமாகப் போட்டேன். இப்போது போனில், ‘ஒப்புக்கொள்ளாவிட்டால் பாக்கி கிடையாது, முன்பணத்தை இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும்’ என்கிறார்கள்.

முத்திரைத்தாளில் எதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை. அதனால் இரண்டு ரீல்ஸையும் அழித்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு விலகிவிடலாமா? நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: அன்புள்ள சகோதரி, இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை எந்த ரீலையும் அழிக்காதீர்கள், ஒரு ரூபாயும் திருப்பி அனுப்பாதீர்கள். விலகுவதற்கு உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. ஆனால் நீங்கள் யோசித்திருக்கும் வழியில் விலகினால், ஒப்பந்தத்தை முறித்தது அவர்கள் அல்ல, நீங்கள் என்று ஆகிவிடும்.

முத்திரைத்தாள் இல்லாததால் ஒப்பந்தமே இல்லை என்று நினைக்கிறீர்கள். ஒப்பந்தம் இருக்கிறது. அவர்கள் மின்னஞ்சலில் நிபந்தனைகளைச் சொன்னார்கள், நீங்கள் சம்மதித்தீர்கள், பணம் கைமாறியது, வேலையும் தொடங்கியது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி இது போதும். மின்னஞ்சல் வழியாக உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. இது உங்களையும் கட்டுப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் உங்களைக் காப்பாற்றப்போவதும் அந்த மின்னஞ்சல்தான். அதில் இல்லாத எதையும் அவர்கள் தனியாக முடிவு செய்து உங்கள் மேல் சுமத்த முடியாது. ஓர் ஒப்பந்தத்தை மாற்ற இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும் என்பது அதே ஒப்பந்தச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு. புதிய பொறுப்பாளர் வந்தார் என்பது அவர்கள் வீட்டு விஷயம். பொறுப்பாளர் மாறினாலும் நிறுவனம் மாறவில்லை.

உங்கள் மௌனம்தான் இப்போதைய ஆபத்து

ஒரு தரப்பு தன் கடமையைச் செய்ய மறுத்தால் மறு தரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது 39-ஆவது பிரிவு. கூடவே ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறது. சொல்லாலோ செயலாலோ ஒப்பந்தம் தொடர்வதற்கு நீங்கள் இணங்கிவிட்டால், முடித்துக்கொள்ளும் உரிமை போய்விடும். இதை விளக்கச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு பாடகி வாரத்துக்கு இரண்டு இரவு வீதம் இரண்டு மாதம் பாட, ஓர் இரவுக்கு 100 ரூபாய் என்று அரங்க மேலாளரிடம் ஒப்புக்கொள்கிறார். ஆறாவது இரவு வேண்டுமென்றே வரவில்லை. அப்போது மேலாளர் ஒப்பந்தத்தை முடித்துவிடலாம். ஆனால் ஏழாவது இரவு அவரைப் பாட அனுமதித்துவிட்டால், அதன் பிறகு ஆறாவது இரவைக் காரணம் காட்டி முடிக்க முடியாது. அந்த ஓர் இரவின் நஷ்டத்தை மட்டும் கேட்கலாம்.

உங்கள் இலவச ஸ்டோரியை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். புதிய பட்டியல் வந்த பிறகு, அவர்கள் கேட்ட கூடுதல் வேலை ஒன்றை எதிர்ப்பு எதுவும் சொல்லாமல் செய்துவிட்டீர்கள். ‘அவர் ஏற்றுக்கொண்டுதான் தொடர்ந்தார்’ என்று அவர்கள் வாதிட அது இடம் கொடுக்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஒரு ஸ்டோரி போட்டதால் ஐந்து புதிய நிபந்தனைகளையும் ஏற்றுவிட்டதாக ஆகாது. ‘சரி, பார்க்கலாம்’ என்பதும் சம்மதம் அல்ல. சம்மதம் முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்று 7-ஆவது பிரிவு கேட்கிறது. ஆனால் இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால், இன்னொரு ஸ்டோரி, இன்னொரு மறுபடப்பிடிப்பு என்று உங்கள் செயல்களே உங்களுக்கு எதிராகப் பேசத் தொடங்கும். எனவே இன்றிலிருந்து அவர்கள் அழைத்தால், ‘எழுத்தில் அனுப்புங்கள், எழுத்தில் பதில் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

எந்த மாற்றம் எவ்வளவு கனமானது

ஐந்து மாற்றங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 90 நாள் என்பது அநியாயம். ஆனால் பழைய ஒப்பந்தப்படியே கடைசி ரீல் வெளியான பிறகுதான் மீதிப் பணம் வர வேண்டும். இன்றைய தேதியில் அவர்கள் எந்தத் தவணையையும் தவறவிடவில்லை. ஆகவே ‘பணம் தரவில்லை’ என்று எழுதாதீர்கள். அது எளிதில் மறுக்கப்படும். ஒரு வருட விளம்பர உரிமையும், வேறு தேயிலைக்கு வேலை செய்யாமல் இருப்பதும் தனித்தனியாக விலை பேசி வாங்க வேண்டியவை. தேயிலையைப் பற்றியே பேசும் ஒருவரை, நீலகிரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வருடம் வேறு எந்தத் தேயிலையையும் தொடாதே என்பது உங்கள் வருமானத்தின் பெரும்பகுதியைக் கேட்பதாகும். அதற்கு அவர்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் சொல்லவில்லை. இவற்றை ‘இது நம் ஒப்பந்தத்தில் இல்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் மறுக்கலாம்.

சர்க்கரை நோய் வசனமும் அடையாளத்தை எடுப்பதும் வேறு வகை. இவற்றில் பேரத்துக்கே இடமில்லை. அவர்கள் பத்து மடங்கு பணம் கொடுத்தாலும் நீங்கள் செய்யக் கூடாது. உணவுப் பொருளைப் பற்றித் தவறாக நம்பவைக்கும் விளம்பரத்தை வெளியிடுபவர், அதில் பங்கெடுப்பவர் இருவருக்கும் ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 53-ஆவது பிரிவு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 21-ஆவது பிரிவு, தவறான விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைத்தவருக்கும் முதல் முறை ரூ.10 லட்சம் வரை அபராதம் என்கிறது. ஒரு வருடம் வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கத் தடையும் விதிக்கலாம். விளம்பரத்தில் சொல்லப்படுவது உண்மையா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்தவருக்கு அதில் விலக்கு உண்டு. ‘அவர்கள் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன்’ என்பது சரிபார்த்ததாகாது. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஒரு தேநீரை நோய்க்குத் தீர்வாகக் காட்டினால் அந்தச் சட்டமும் குறுக்கே வரலாம். பணம் வாங்கிக்கொண்டு செய்த வீடியோ என்பதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்பது தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வெளியான மத்திய அரசு வழிகாட்டுதல்களின் தேவை. அடையாளத்தை எடுப்பதால் பார்வை கூடலாம். பொறுப்பு உங்கள் மேல்தான் விழும்.

உங்கள் ரீலை நம்பி ஒரு வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கத் தொடங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இதை மறுத்ததற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சட்டம் தடுக்கும் செயலைச் செய்யச் சொல்லும் நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி ஒப்பந்தமாகவே நிற்காது. நீங்கள் எழுதப்போகும் கடிதத்தின் முதுகெலும்பு இதுவாக இருக்கட்டும்.

ரீல்ஸ் யாருடையவை

‘நான் எடுத்தது, நான் அழிப்பேன்’ என்று பலரும் நினைக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆவது பிரிவில் ஒரு பொறி இருக்கிறது. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கப்படும் புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். வீடியோவும் அந்தச் சட்டத்தில் திரைப்படம்தான். உங்களைக் காப்பது ‘வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற அந்தச் சொற்கள். ரீல்ஸ் உங்கள் பக்கத்தில் இருக்கும், அவர்களுக்கு மூன்று மாத மறுபதிவு அனுமதி என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். உரிமை அவர்களுடையது என்றால் அனுமதி எதற்கு? உங்கள் வாதம் வலுவானது. ஆனால் மறுவாதமே இல்லாதது அல்ல. இனி எழுதும் எந்த ஒப்பந்தத்திலும் ‘பதிப்புரிமை என்னிடமே இருக்கும்’ என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் பக்கத்தில் வைத்திருப்பது உங்கள் வாக்கு. அழித்தால் அந்த வாக்கை மீறியவர் நீங்கள்; அந்த இரண்டு ரீல்ஸுக்கான ரூ.30,000 கேட்கும் உரிமையையும் நீங்களே பலவீனப்படுத்துகிறீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது வேறு. உங்கள் பதிவுகளை விளம்பரமாக ஓட்ட அவர்களுக்குச் செயலியில் ஏற்கெனவே அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று அமைப்புகளில் பாருங்கள். கொடுத்திருந்தால் திரும்பப் பெறுங்கள். உங்கள் முகத்தோடு வீடியோவை வெட்டி ஒட்டி, சர்க்கரை நோய் வாசகம் சேர்த்து ஓட்டிவிடும் அபாயத்தையும் அது குறைக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு ரீலுக்கு ரூ.15,000 என்று விலை பிரித்துச் சொல்லப்பட்டிருப்பது நல்லதாகப் போயிற்று. முடித்த வேலையைத் தனியாகக் கணக்கிட அது வழி தருகிறது. வெளியான இரண்டுக்கு ரூ.30,000. மூன்றாவது பழைய நிபந்தனைப்படி எடுத்து ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் கேட்பது சட்டம் தடுக்கும் வசனத்துக்காக மறுபடப்பிடிப்பு. ஒப்புக்கொண்ட ஒரு முறை திருத்தத்துக்குள் அது வராது. அதற்கும் ரூ.15,000. ஆக ரூ.45,000. முன்பணம் ரூ.25,000 கழித்தால், அவர்கள் உங்களுக்குத் தர வேண்டியது ரூ.20,000. நீங்கள் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை.

மீதி இரண்டு ரீல்ஸுக்கான நஷ்டத்தையும் ஒப்பந்தச் சட்டத்தின் 73, 75-ஆவது பிரிவுகளின்கீழ் கேட்க வழி உண்டு. ஆனால் முழு ரூ.30,000 கிடைக்காது. எடுக்காததால் மிச்சமான கேமராக்காரர் கூலி, போக்குவரத்துச் செலவு கழியும். அந்த நாட்களில் வேறு வேலை பிடித்திருந்தால் அதுவும் கழியும். அந்தப் பணத்தைப் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்கும் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. ரூ.20,000-உடன் கணக்கை முடிக்க அவர்கள் இணங்கினால், வாங்கிக்கொண்டு நகர்வது உங்களுக்கு லாபம்.

இரு மடங்கு முன்பணம் என்ற மிரட்டல் மின்னஞ்சலில் இல்லாதது. எழுதப்பட்டிருந்தால்கூட, 74-ஆவது பிரிவின்படி நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். குறிப்பிட்ட தொகை அதற்கு உச்சவரம்புதான்.

இரண்டு கடிதங்கள்

ஒரே கடிதத்தில் ‘விலகுகிறேன்’ என்று எழுதாதீர்கள். அவர்கள் மறுத்தது போனில் மட்டும் இருக்கிறது. அதை எழுத்துக்குக் கொண்டுவருவதே முதல் கடிதத்தின் வேலை. பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாகவே, அதே தொடரில் அனுப்புங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்:

“செப்டம்பர் மாத மின்னஞ்சலில் நாம் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி இரண்டு ரீல்ஸ் வெளியாகியுள்ளன, மூன்றாவதை ஒப்படைத்துள்ளேன். பிறகு வாட்ஸ்அப்பில் வந்த மாற்றங்களுக்கு நான் சம்மதிக்கவில்லை. நான் வெளியிட்ட ஸ்டோரி நல்லெண்ணத்தில் செய்தது. அது எந்த மாற்றத்தையும் ஏற்றதாகாது. சர்க்கரை நோய் பற்றிய வசனத்தைச் சொல்வதும் விளம்பர அடையாளத்தை நீக்குவதும் சட்டத்துக்குப் புறம்பானவை என்பதால் அவற்றைச் செய்ய இயலாது. மூல ஒப்பந்தப்படி தொடர நான் தயார். ஏழு நாட்களுக்குள் மூன்றாவது ரீலுக்கு ஒப்புதல் தந்து, மூல நிபந்தனைகளை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். தவறினால் நீங்கள் ஒப்பந்தத்தை நிறைவேற்ற மறுத்ததாகக் கருதி, அதை முடித்துக்கொள்வேன்.”

‘தொடர நான் தயார்’ என்ற வரி உங்களுக்குக் கசக்கும். தயவுசெய்து அதை எடுத்துவிடாதீர்கள். பிறகு எந்த மன்றத்தில் யார் படித்தாலும், வேலை செய்யத் தயாராக இருந்தவர் யார் என்பதை அந்த வரிதான் காட்டும். அதில் ஒரு விளைவும் உண்டு. அவர்கள் இறங்கிவந்து பழைய நிபந்தனைக்குத் திரும்பினால், மீதி இரண்டு ரீல்ஸை நீங்கள் முடித்துக்கொடுக்க வேண்டும். மனம் ஒட்டவில்லை என்றால், இரு தரப்பும் சம்மதித்து மூன்று ரீல்ஸோடு முடித்துக்கொள்ளலாம் என்று அப்போது கேளுங்கள். பல நிறுவனங்கள் அதற்கு ஒப்புக்கொள்ளும்.

ஏழு நாள் கழித்தும் பதில் இல்லை, அல்லது புதிய பட்டியலையே வற்புறுத்துகிறார்கள் என்றால் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தின் தேதி, அவர்கள் மறுத்த விதம், இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது என்ற அறிவிப்பு, ரூ.20,000 கணக்கு, 15 நாள் அவகாசம், வீடியோக்களை விளம்பரமாகவோ திருத்தியோ பயன்படுத்த அனுமதி இல்லை என்ற வரி ஆகியவை போதும். கோபச் சொல் ஒன்றுகூட வேண்டாம். அதன் நகலை விரைவுத் தபாலில், பதிவு வசதியோடு நிறுவனத்தின் பதிவு முகவரிக்கும் அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். அந்தப் போனை மாற்றவோ துடைக்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றுகளை நீதிமன்றத்தில் காட்டும்போது பாரதிய சாக்ஷிய அதினியம், 2023-இன் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும். மூலக் கருவி கையில் இருப்பது அப்போது பெரிய உதவி.

எங்கே போவது, எங்கே போகக் கூடாது

நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்குரிய இடம் அல்ல. இந்த உறவில் நீங்கள் சேவை வாங்கியவர் அல்ல, விற்றவர். காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுக்கச் சிலர் சொல்வார்கள். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. முன்பணம் கொடுத்து இரண்டு ரீல்ஸை ஒப்புக்கொண்டவர்கள் மேல் அதைக் காட்டுவது கடினம். பிராண்டின் பெயரைச் சொல்லி அம்பலப்படுத்தும் ரீலும் இப்போது வேண்டாம். அவதூறு நோட்டீஸ் ஒன்று வந்தால், கவனம் உங்கள் பாக்கியிலிருந்து அதற்குத் திரும்பிவிடும்.

உதகையில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குத் தொடுப்பதற்கு முன்பே சமரசத்துக்கு எதிர்த்தரப்பை அழைக்க அங்கே விண்ணப்பிக்கலாம். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அது பலிக்காவிட்டால் உரிமையியல் வழக்கு. ஒப்பந்த வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடக் காலவரம்பு இருக்கிறது, அவசரமில்லை. வேலையின் பெரும்பகுதி கோத்தகிரியில் நடந்ததால் இங்கேயே வழக்குப் போட வாதம் இருக்கிறது. ஆனால் மின்னஞ்சலின் கடைசியில் ‘பெங்களூர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே’ என்றோ ‘மத்தியஸ்தர் தீர்ப்பு’ என்றோ ஏதாவது வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், ரூ.20,000-க்காகப் பெங்களூருக்கு அலைவது கட்டுப்படியாகாது. சமரசத்திலேயே கூடுதல் முயற்சி எடுங்கள்.

மூன்றாவது ரீலைப் பற்றி ஒன்று. கணக்கு தீரும்வரை அதை வெளியிட வேண்டாம், வேறு பிராண்டுக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டாம். அவர்கள் பணம் கொடுத்தால் அது அவர்களுடைய வேலை. கொடுக்க மறுத்து, கணக்கும் எழுத்தில் முடிந்தால், அவர்கள் பெட்டி தெரியும் காட்சிகளை நீக்கிவிட்டு உங்கள் தோட்டத்துக் காட்சிகளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதற்கான அனுமதியையும் முடிவுக் கடிதத்திலேயே ஒரு வரியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.